சுண்டுவிரல் பொறுக்கிற சூடு

தயிர் விஷயத்தில் நான் பொல்லாதவன். சாம்பாரில் உப்பு குறைந்தால் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுவேன். ரசம் நீர்த்திருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் தயிர் புளித்திருந்தாலோ, நீர் விட்டுக்கொண்டு நின்றாலோ எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வருமோ தெரியாது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் நான் அப்படி எழுந்த நாட்கள் குறைவு. அதற்குக் காரணம் என் பொறுமை இல்லை, என் மனைவியின் கை.

அந்தக் கையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன மார்கழியில் அவள் கைக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. அதை எங்கள் வீட்டுத் தயிர் நாலு தடவை காட்டிக்கொடுத்தது. நாலு தடவையும் நான் கத்தினேன். தை பிறந்தபோது அவள் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியைத் தொட்டாற்போல ஒரு சந்தில், மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு எங்களுடையது. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே பெண். கல்யாணமாகி கே.கே. நகரில் இருக்கிறாள், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பெருமாள் ஒருவர். மத்தியானம் பெருமாளுக்குத் தளிகை கண்டருளப் பண்ணி, நைவேத்தியம் ஆன பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. அதில் தயிர் சாதம் இல்லாமல் இருக்காது. ஆகவே எங்கள் வீட்டில் தயிர் என்பது எனக்கு மட்டும் உள்ள சமாசாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டு நான் என் நாக்கின் அதிகாரத்தைப் பெருமாள் தலையில் போட்டுவிடுவது வழக்கம்.

அவள் பால் தோய்ப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. பால் பொங்கினதும் அடுப்பைக் குறைத்து, இன்னும் கொஞ்ச நேரம் காயவிடுவாள். அப்போதுதான் தயிர் கெட்டியாக வரும். பிறகு இறக்கி வைத்து, ஏடு கட்டாமல் கரண்டியால் அவ்வப்போது கலக்குவாள். கையைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, வலது கைச் சுண்டுவிரலைப் பாலில் விடுவாள். விரல் பொறுக்க வேண்டும், ஆனால் சூடு இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவும் வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணுவாள் போலிருக்கிறது, உதடு லேசாக அசையும். "சரியா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அப்புறம்தான் உறைமோர் விழும்.

ஒருநாள் கல்லூரியில் கழித்துக்கட்டின தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். நாற்பது, நாற்பத்திரண்டு டிகிரியில் உறை குத்தினால் போதும், விரலை விட வேண்டியதில்லை என்றேன்.

"பாலுக்கு என்ன ஜுரமா?" என்று கேட்டுவிட்டு அதை மேசை டிராயரில் போட்டாள். அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் காலை ஆறு மணிக்குத் தோய்த்த பால் பதினொரு மணிக்குத் தயிராகிவிடும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் புளிப்பு ஏறத் தொடங்கிவிடும், உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அந்த மாதங்களில் பாலை நன்றாக ஆறவிட்டு, விரலுக்குச் சூடு இருக்கிறதா இல்லையா என்கிற பதத்தில், அரை ஸ்பூன் உறை போடுவாள். எவர்சில்வர் பாத்திரமே போதும். மார்கழியில் கணக்கு மாறும். காவிரிப் பக்கமும் கொள்ளிடத்துப் பக்கமும் பனி இறங்கிவிடும். சாயங்காலம் ஆறரைக்குத் தோய்த்தால்தான் காலை ஆறரைக்காவது தயிராகியிருக்கும். அந்த மாதத்துக்குக் கல்சட்டி. கனத்த கல், வாங்கின சூட்டை லேசில் விடாது. பால் ஒரு மாத்துக் கூடுதல் சூட்டில் இருக்கும்போதே ஒன்றரை ஸ்பூன் உறை விட்டு, கலக்கி, மூடி, பழைய துண்டால் சுற்றி, அரிசி டின்னுக்குள் இறக்கிவிடுவாள். அதற்குப் பிறகு யாரும் அந்த டின்னைத் தொடக் கூடாது. ஆடினால் தயிர் உடையும். எனக்கே அந்தப் பக்கம் போக அனுமதி கிடையாது.

முதல் தடவை கெட்டது வைகுண்ட ஏகாதசிக்குச் சில நாள் முன்னால். காலையில் டின்னிலிருந்து சட்டியை எடுத்தவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அதை மேடையில் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். மேலே மஞ்சளாகத் தண்ணீர், அடியில் ரவை ரவையாகத் திரிந்த பால்.

"பனி ஜாஸ்தி. அதான்" என்றாள்.

"பனிக்குத் தோயாம இருந்தா பால் பாலா கிடக்கும். கொழகொழன்னு இருக்கும். இது சூட்டுல திரிஞ்சிருக்கு" என்றேன் நான். "ஆறவிடப் பொறுமை இல்லையா உனக்கு?"

எவ்வளவு சரியாகச் சொன்னேன் பாருங்கள். பால் சூடாக இருக்கும்போது உறை விட்டால் உறை வெந்து செத்துவிடும், பால் மோரின் புளிப்பில் வெறுமனே திரியும். இந்த விஷயம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஆய்வகத்தில் பீக்கர் கழுவினவன். சட்டியைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். தினமும் விரல் விட்டுப் பார்த்துத் தோய்க்கிறவளுக்கு அன்றைக்கு ஏன் சூடு தெரியவில்லை என்கிற அடுத்த கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பால் தோய்க்கவில்லை, அடுத்த நாள் கடையில் தயிர் வாங்கினோம். அதற்கடுத்த நாள் மறுபடியும் அதே கதை. அன்றைக்குப் பால்காரரைத் திட்டினேன். தண்ணீர் கலக்கிறார், மாட்டுக்கு என்ன போடுகிறாரோ என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். அவர் பாவம், நாலு வீட்டுக்கு ஊற்றுகிறேன், மற்ற மூணு வீட்டிலும் தயிர் நன்றாக இருக்கிறதாமே என்றார். அதற்கும் அவரைத் திட்டினேன். பிறகு உறை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். கீழ் வீட்டு மாமியிடம் புது உறை வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்தாள். மறுநாளும் திரிந்துதான் இருந்தது. நான் மாமியின் உறையைப் பழி சொன்னேன்.  அவள் வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள். குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் அவள் மோதிர விரலில் ஒரு கொப்புளம் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். வாணலி பட்டுவிட்டது என்றாள். "அடுப்படியில நின்னா கவனம் அடுப்படியில இருக்கணும்" என்று உபதேசம் பண்ணிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

ஐந்தாவது நாள் தயிர் அற்புதமாக இருந்தது. சட்டியைச் சாய்த்தால் அசையவில்லை. கரண்டி போட்ட இடம் பள்ளமாக அப்படியே நின்றது. துளிப் புளிப்பு இல்லை. பெருமாள் கண்டருளினதும் நான் இரண்டு தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வாயைத் திறந்து பாராட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. "ம், இது தயிர்" என்றேன். அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது போதும். பல நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மத்தியானம் யாருக்கோ போன் பண்ணி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது பாதித் தூக்கத்தில் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றின பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். அவள் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். மேடையில் பால். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் பாலுக்குள் இருந்தது.

எங்கள் வீடுகளில் இது எப்படிப்பட்ட காரியம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இடது கையால் ஒருவருக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டினால்கூட வாங்க மாட்டோம். பெருமாளுக்கு ஆகிற பாலில் இடது கையா? என் மனைவி அப்படிச் செய்கிறவளே இல்லை. என்னைவிட நூறு மடங்கு ஆசாரம் பார்க்கிறவள். அப்படிப்பட்டவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்றாவது ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்கலாம்.

"என்னடி பண்றே?" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். விரலிலிருந்து பால் மேடையில் சொட்டியது.

"இல்லை... ஏதோ ஞாபகத்துல..."

"பெருமாளுக்கு வெக்கற பால்ல பீச்சாங்கையை விடறியே, புத்தி கெட்டுப்போச்சா? இந்த வயசுல இதையும் நான் சொல்லித் தரணுமா?"

"தப்புதான். கோச்சுக்காதீங்கோ. நன்னாக் கழுவிண்டுதான்..."

"கழுவினா எல்லாம் ஆச்சா? அதைக் கொட்டு. வேற பால் காய்ச்சு."

அவள் அந்தப் பாலைக் கொட்டவில்லை, காப்பிக்கு ஆகட்டும் என்று தனியாக எடுத்து வைத்தாள். வேறு பால் காய்ச்சினாள். நான் அங்கேயே நின்றேன். காவல்காரன் மாதிரி நின்றேன். பால் பொங்கி, காய்ந்து, இறக்கி வைத்தாள். கலக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து வலது கைச் சுண்டுவிரலை விட்டாள். வெகுநேரம் வைத்திருந்தாள். உதடு அசையவில்லை. பத்தெல்லாம் தாண்டியிருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் என் முன்னால் நிற்கிறது. என்னிடம் ஏதோ கேட்க வந்து கேட்காமல் விட்ட பார்வை. நான் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

"சரியா இருக்கு" என்றாள். உறையை விட்டாள்.

நானும் ஒரு விரலை நீட்டிப் பார்த்திருக்கலாம். சட்டி ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

மறுநாள் காலை, சொல்ல வேண்டியதில்லை, மஞ்சள் தண்ணீரும் ரவையும். அன்றைக்கு நான் பேசினது எல்லாவற்றையும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டில் பாதியில் தட்டைத் தள்ளினேன். முந்தின நாள் அபசாரம் பண்ணினாயே, அதற்குத்தான் இது என்றுகூடச் சொன்னேன். அவள் அழவில்லை. நான் எழுந்துபோன பிறகு அந்தத் திரிந்த தயிரைச் சாதத்தில் பிசைந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் அவளே சாப்பிட்டாள். சாமானை வீணாக்க மாட்டாள். இடது கை மடியில் கிடந்தது. வலது கையால் பிசைகிறபோது சாதம் விரலிடுக்கில் வழிந்து தட்டுக்கு வெளியே விழுந்தது. கூடத்திலிருந்து பார்த்தேன். கோபத்தில் பிசைகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டாம் நாள் காலையில், அடுப்பில் பால் இருக்கும்போதே கீழே விழுந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்து, கேஸ் நாற்றம் கூடம் வரைக்கும் வந்த பிறகுதான் நான் எழுந்து போனேன். வாய் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னவோ சொல்லப் பார்த்தாள், வரவில்லை.

ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுகிறபோது அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நாலு வருஷத்தில் அந்தக் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார்.

"இதுக்கு முன்னாடி கை மரத்துப்போகுது, தொட்டா தெரியலை, சூடு தெரியலைன்னு ஏதாவது சொன்னாங்களா சார்?"

"இல்லையே. ஒண்ணும் சொல்லலை."

"சின்னதா ஒரு ஸ்ட்ரோக் முன்னாடியே வந்திருக்கு. ஒண்ணு ரெண்டு வாரம் இருக்கலாம். வலது பக்கம் உணர்ச்சி குறைஞ்சிருக்கும். அப்பவே வந்திருந்தா மருந்து குடுத்துக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை டாக்டர்" என்று மறுபடியும் சொன்னேன். அவள் மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தி சொல்லாமல் இருப்பாளா என்று. பெண் பக்கத்தில் நின்றாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு நாள் இருந்தாள் என் மனைவி. ஏழாவது நாள் நாங்கள் அவளைக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோனோம்.

பதிமூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பெண் தன்னோடு கே.கே. நகருக்கு வந்துவிடச் சொன்னாள். மறுத்துவிட்டேன். பெருமாளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன், அதுதான் எனக்குச் சுலபமான காரணம். தீட்டில் வீட்டிலிருந்த தயிர், மோர் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்கள். அவள் கடைசியாகத் தோய்த்ததில் ஒரு சொட்டு மிச்சமில்லை. உறை வாங்கக் கீழ் வீட்டுக்கு இறங்கினேன்.

"விளக்கு வெச்சாச்சே மாமா" என்று சங்கடப்பட்டாள் மாமி. விளக்கு வைத்த பிறகு உறைமோரை வீட்டை விட்டு வெளியே தர மாட்டார்கள், எங்கள் வீட்டிலும் தந்ததில்லை. "காலம்பற நானே கொண்டுவந்து தரேன். வருத்தப்படாதீங்கோ."

காலையில் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் முதல்முறையாக நான் பால் தோய்க்க நின்றேன். பொங்கவிட்டேன், காயவிட்டேன், இறக்கினேன். ஏடு கட்டாமல் வலது கையில் கரண்டியைப் பிடித்துக் கலக்கிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சூடு பார்க்க வேண்டுமே என்று தோன்றியது. வலது கையில் கரண்டி. யோசிக்காமல் மற்றக் கை போய்விட்டது.

சுள்ளென்று சுட்டது. கையை இழுத்துக்கொண்டு பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டர் கேட்டது, திரிந்த தயிர், கொப்புளம், தலைப்பில் சுற்றின கை, விரலிடுக்கில் வழிந்த சாதம், திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அவளுக்கு வலது கையில் சூடு தெரியவில்லை. அதனால் தெரிகிற கையை வைத்துப் பார்த்தாள். தெரிகிற கையை நான் எடுக்கச் சொன்னேன். தெரியாத கையை வைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று டாக்டரிடம் சொன்னேனே, தயிர் நாலு நாள் சொன்னது. நான் வாசலில் நின்று பால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வயசான மனுஷன் வாய்விட்டு அழுகிற சத்தம் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அதன்பிறகு இடது கையால்தான் சூடு பார்க்கிறேன். பெருமாளுக்கு ஆகிற பால்தான். நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொள்கிறேன். அவர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. மாசியில் தட்டுத்தடுமாறி, பங்குனியில் இரண்டு தடவை புளிக்கவிட்டு, சித்திரை வெயிலுக்குள் எனக்குக் கைவந்துவிட்டது. காலை ஆறு மணிக்குத் தோய்த்துப் பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். அவளுடைய தயிர் மாதிரியே வருகிறது.

பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். போனை எடுத்தால் வெயில், தண்ணீர், மாத்திரை என்று பேசி வைத்துவிடுவேன். உன் அம்மாவுக்கு வந்த நோயை நான்தான் கத்தி மறைத்தேன் என்று எந்தப் பெண்ணிடம் எந்த அப்பன் சொல்லுவான்? அவளும் என்னிடம் அம்மாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஒருநாள் காலையில் வந்தாள். மன்னார்புரத்தில் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். வெயிலுக்கு முன் வரவேண்டும் என்று. நான் அப்போதுதான் பாலை இறக்கி வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் கவனிக்காமல் விரலை விட்டேன்.

"அப்பா, இடது கை" என்றாள்.

அதட்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். இந்த வீட்டில் வளர்ந்த பெண் வேறு எப்படிச் சொல்லுவாள்? 

"இருக்கட்டும்மா" என்றேன். அன்றைக்கு அவள் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அந்த ஒரு வார்த்தை. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. பாலை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். திரிந்த தயிர், பால்காரர், இடது கை, நான் கத்தினது, காவல் நின்றது, தட்டைத் தள்ளினது, ஒன்றையும் விடவில்லை. "அம்மாவுக்குக் கை மரத்துப்போனது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலை. நான் மனுஷனே இல்லை" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கை மரத்துப்போனது. அம்மா போன்ல சொன்னா. பஞ்சைச் சுத்திவிட்டாப்பல இருக்கு, பால்ல விரலை விட்டா சூடே தெரியலை, தயிர் திரிஞ்சு போறதுன்னு. டாக்டர்கிட்டப் போன்னேன். ஏகாதசிக் கூட்டம் முடியட்டும்னா. அப்பாகிட்டயாவது சொல்லுன்னேன். வேண்டாம், கத்துவார், நீயும் சொல்லிடாதேன்னா. நான் சொல்லலை."  "ஆஸ்பத்திரியில டாக்டர் உங்ககிட்டக் கேட்டப்பவும் நான் வாயைத் திறக்கலை. நாலு மாசமா எப்படிச் சொல்றதுன்னு..."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். உன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். நிஜமாகவே இல்லை. சொன்னால் கத்துவேன் என்று பயந்து இரண்டு பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பு யாருடையது?

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நடுவுல ஒருநாள் மத்தியானம் போன் பண்ணினா. எவ்வளவு சந்தோஷமாப் பேசினா தெரியுமா? நேத்திக்கு இடது கையால சூடு பார்த்தேன், தயிர் நன்னாத் தோய்ஞ்சுடுத்து, அப்பா ரெண்டு தரம் போட்டுண்டு சாப்பிட்டார்னா. இனிமே எனக்குக் கவலை இல்லை, இடது கைதான் இருக்கேன்னா."

 நான் பாதித் தூக்கத்தில் கேட்ட போன் அதுதான். அதற்கு நாலு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. ஜன்னல் வழியாக வெயில் மேடைக்கு வந்துவிட்டது. பெண்தான் முதலில் எழுந்தாள். கை கழுவிக்கொண்டு வந்து பாலைத் தொட்டுப் பார்த்தாள். சித்திரை மாதத்துப் பால்கூடச் சூடு முழுக்கப் போய் ஆறியிருந்தது, மேலே ஏடு கட்டியிருந்தது. இதில் உறை விட்டால் மத்தியானத் தளிகைக்குள் தோயாது. அவளே அடுப்பைப் பற்றவைத்து, குறைந்த தீயில் சுடவைத்து, ஏட்டைக் கலக்கிவிட்டாள். இறக்கினாள்.

"நீங்க பாருங்கோ" என்றாள்.

"நீயே பாரும்மா."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு இடது கைச் சுண்டுவிரலைப் பாலில் விட்டாள். உதடு அசைந்தது. அம்மா எண்ணுவது போலவே பத்து வரைக்கும் எண்ணினாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

நான் உறையை விட்டேன்.